கீரமங்கலத்து அப்பாவுக்கு எந்த வாட்ச்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அப்பாவுக்கு ஒரு வாட்ச் வாங்கிப் போவது வெகுநாள் வழக்கம். எந்த வாட்ச் என்பதை மட்டும் பெரும்பாலும் கடையில் நின்றபடியேதான் முடிவு செய்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளவென்று இருப்பது கண்ணை இழுக்கிறது, கையில் இருக்கும் காசுக்கும் சரியாக இருக்கிறது, வாங்கிவிடுகிறோம். இங்கே வருவதற்கு முன்னால் நான் அறந்தாங்கியில் ஒரு வாட்ச் கடையில் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். மகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த வாட்ச் ஓடவில்லை என்று எடுத்து வரும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல வாட்சுகளில் ஒரு கோளாறும் இருக்காது. அந்த அப்பாவின் கண்ணுக்கோ, கைக்கோ, அவர் பார்க்கும் வேலைக்கோ அது ஒத்துவராத வாட்சாக இருக்கும்.

அதனால்தான் என் அறையில் இருக்கும் தம்பி, பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன், அப்பாவுக்கு 250 வெள்ளிக்குள் நல்ல வாட்சாகச் சொல்லுங்கண்ணே என்று கேட்டபோது, முதலில் அப்பாவைப் பற்றிச் சொல் என்றேன். அவன் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம். அப்பாவுக்கு 64 வயது. கொஞ்சம் தென்னை, கொஞ்சம் மல்லிகை. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே, வெயில் ஏறுவதற்கு முன் பறித்துக் கீரமங்கலம் பூ மார்க்கெட்டில் கொண்டுபோய்ப் போட வேண்டும். பிந்திப் போனால் விலை இறங்கிவிடும். ஆக, அவர் மணி பார்க்கிற நேரம் பெரும்பாலும் விடியற்காலை இருட்டு.

மற்றதெல்லாம் அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. மூன்று வருஷமாக ஊருக்குப் போகாதவன். அன்று இரவே அம்மாவுக்குப் போன் போட்டான்.

“அப்பா இப்ப மணி எதுலம்மா பாக்குறாரு?”

“செல்லுலதான். கொல்லைக்குப் போகையில அதையும் எடுத்துட்டுப் போறதில்ல. ஒருவாட்டி தொட்டியில விழுந்து போச்சுல்ல, அதுலேருந்து வீட்டுலயே வெச்சுட்டுப் போயிருவாரு. நட்சத்திரத்தப் பாத்தே மணி சொல்லிருவேம்பாரு. போன வாரம் ரெண்டு மணிக்கே போயி உக்காந்திருந்தாரு.”

அடுத்தடுத்து அவன் கேட்டதற்கெல்லாம் அம்மாவே பதில் சொன்னார். வலது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இடது கண் இன்னும் எடுக்கவில்லை. விரல் மூட்டில் வலி இருக்கிறது, சட்டைப் பொத்தான் போடவே நேரமாகிறது. மோட்டார் போட்டால் தொட்டியில் குளித்துவிட்டுத்தான் வருவார். கையில் கட்டிய எதையும் கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கிற ஆள் அல்ல. மணிக்கட்டை நூல் சுற்றி அளந்து பார்க்கச் சொன்னோம், 16 சென்டிமீட்டர் வந்தது. மெலிந்த கை. அப்பாவிடம் ஏன் அளக்கிறோம் என்று சொல்லாமல் அம்மா எப்படி அளந்தார் என்று தெரியவில்லை.

முதல் போட்டி வேறு எந்தப் புது வாட்சுக்கும் இல்லை, அப்பாவின் பழைய எச்.எம்.டி.க்குத்தான். 1986-இல் கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்டது, ஜனதா. சாவி கொடுக்கிற வாட்ச். எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஒரு காலத்தில் நம் ஊர்களில் வேலையில் சேர்ந்தாலும் எச்.எம்.டி., ஓய்வு பெற்றாலும் எச்.எம்.டி., கல்யாணம் ஆனாலும் எச்.எம்.டி. இவருடைய வாட்ச் 2018 நவம்பரில் கஜா புயலன்று வீட்டுக் கூரை ஓடு பறந்து, பீரோவுக்குள்ளேயே தண்ணீர் போய் நின்றுவிட்டது. அதிலிருந்து அவர் கையில் வாட்ச் இல்லை. இதையே ஓட வைத்துக் கொடுத்தால் என்ன என்பதுதான் தம்பியின் முதல் எண்ணம். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

ஊரில் இருக்கும் கடையில் பின்மூடியைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வாட்சுக்குள் தண்ணீர் போனதா, போனால் எவ்வளவு கெட்டது என்பதைப் படத்திலேயே ஓரளவு சொல்லிவிடலாம். சாவித் தண்டு உள்ளே போகிற இடத்தில் மட்டும் பழுப்பாக இருந்தால் பிழைக்கும். தண்டையும் அதைச் சுற்றியுள்ள ஒன்றிரண்டு துண்டுகளையும் மாற்றி, மீதியைக் கழுவி எண்ணெய் விட்டால் ஓடும். ஹேர் ஸ்பிரிங் என்று நாங்கள் சொல்கிற, தலைமுடி போல மெல்லிய சுருள்வில்லில் துரு ஏறியிருந்தால் கதை வேறு. அந்த வில்தான் நேரத்தை அளக்கிறது. ஜனதாவில் அது மணிக்கு 18,000 தடவை அசையும், நொடிக்கு ஐந்து. துரு பிடித்த இடத்தில் வில்லின் விறைப்பு மாறிவிடும். துருவைச் சுரண்டி எடுத்தாலும் ஒருநாள் வேகமாகவும் ஒருநாள் மெதுவாகவும் ஓடி, கடைசியில் அந்த இடத்திலேயே ஒடியும். கடையிலிருந்து வந்த படத்தில் சுருளின் இரண்டு சுற்றுகள் பழுப்புப் புள்ளிகளோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

இதற்கு ஒரே வழி, இன்னொரு பழைய ஜனதாவைப் பிரித்து அதிலிருந்து பேலன்ஸ் சக்கரத்தை வில்லோடு சேர்த்து எடுத்து மாட்டுவது. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது, புதுச் சாமான் இனி வராது. பழைய கடைகளில் அலுமினிய டப்பாவுக்குள் மிச்சம் இருப்பதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், பொங்கலுக்குள் நடக்காது. நடந்தாலும் மல்லிகைத் தோட்டத்துக்கு அது சரிவராது. தண்ணீர் புகாமல் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. இருட்டில் முள் தெரியாது. காலையில் தவறாமல் சாவி கொடுக்க வேண்டும், மூட்டு வலி உள்ள விரலுக்கு அந்தச் சின்னத் திருகு கஷ்டம்.

அப்போது தம்பி இணையத்தில் ஒரு ‘புது’ ஜனதாவைக் காட்டினான். பளிச்சென்ற நீல முகம், விலை மலிவு. இப்படி வருகிறவற்றில் பெரும்பாலானவை பழைய வாட்சின் முகத்துக்குப் புதுச் சாயம் அடித்து, உள்ளே இரண்டு மூன்று வாட்சுகளின் சாமான்களைச் சேர்த்துப் போட்டவை. எழுத்துகளை உருப்பெருக்கிப் பார்த்தால் விளிம்பு தடித்து மசி பரவியிருக்கும், நிமிடக் கோடுகள் எண்களுக்கு நேராக நிற்காது. வேண்டாம் என்றேன். அப்பாவின் சொந்த வாட்சை மெதுவாகச் சரிசெய்யலாம். யாருடைய வாட்சோ ஒன்றை அதன் இடத்தில் வைக்க முடியாது.

அடுத்து சீக்கோ 5. இதைத்தான் வாங்க வேண்டும் என்று அவன் மனதுக்குள் முடிவே செய்திருந்தான் என்று நினைக்கிறேன். வளைகுடாவிலிருந்து வந்த மாமா ஒருவர் கையில் சின்ன வயதில் பார்த்தது, ஆங்கிலத்திலும் அரபியிலும் கிழமை காட்டும் வாட்ச். 1963-இல் தொடங்கி இன்றுவரை அந்தப் பெயரில் வாட்ச் வருகிறது. கையசைவில் தானாகவே சாவி ஏறிக்கொள்ளும், பேட்டரி கிடையாது, உலோகக் கூடு உறுதியானது, இருட்டில் முள்ளும் புள்ளிகளும் நன்றாகவே ஒளிரும். மகன் வாங்கித் தந்தது என்று கழுத்து நிமிர்த்திக் காட்டக்கூடிய வாட்ச். இதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஆனால் முழுதாகச் சாவி ஏறிய பின் கழற்றி வைத்தால் சுமார் 41 மணி நேரம்தான் ஓடும். இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தால் நின்றுவிடும், அப்புறம் மணியும் தேதியும் கிழமையும் திருத்த வேண்டும். இரவு ஒன்பது மணியிலிருந்து விடியற்காலை நான்கு மணிவரை முள் இருக்கும்போது தேதியை நேராகத் திருப்பினால் உள்ளே பல் சக்கரம் சேதமாகலாம் என்று கம்பெனிக் குறிப்பிலேயே இருக்கிறது. அறந்தாங்கிக் கடைக்கு வந்த வெளிநாட்டு வாட்சுகளில் தேதி மாறாமல் சிக்கிக்கொண்டவை கணிசம், பலவற்றுக்குக் காரணம் இதுதான். இவர் எழுகிற நேரமோ அந்த ஆபத்தான நேரத்துக்கு உள்ளேயே இருக்கிறது. வாட்ச் நின்றிருப்பதைக் காலை மூன்று மணிக்குப் பார்த்துவிட்டு, அப்போதே திருத்துவார்.

நேரத் துல்லியமும் ஒரு விஷயம். இப்போது வரும் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் ஒரு நாளைக்கு 45 நொடி வேகம், 35 நொடி மெதுவு வரைக்கும் போகலாம் என்று கம்பெனி சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நன்றாகவே ஓடும். இருந்தாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ரேடியோவையோ செல்லையோ பார்த்துத் திருத்துகிற பழக்கம் வேண்டும். சாவி கொடுத்துப் பழகிய பழைய ஆட்களுக்கு அது பெரிய வேலை இல்லைதான். அந்த வாட்சில் கையாலும் சாவி கொடுக்கலாம். ஆனால் திருகு நாலு மணி எண்ணுக்கு நேராகக் கூட்டுக்குள் பதிந்து இருக்கிறது, அம்மா சொன்ன விரல்களை நினைத்துப் பார்த்தேன். போதாததற்கு அவனுக்குப் பிடித்த மாடல் 42.5 மில்லிமீட்டர் அகலம். 16 சென்டிமீட்டர் கையில் அது ஓரம் வரை நிற்கும், எஃகுச் செயினோடு சேர்த்தால் கனமும் அதிகம். மண்வெட்டி பிடிக்கும்போது கனமான வாட்ச் மணிக்கட்டு எலும்பில் மோதிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாளே கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைத் தென்னை மட்டையில் மாட்டிவிடுவார். கையில் இல்லாத ஆட்டோமேட்டிக் வாட்சுக்குச் சாவி ஏறாது.

“அப்பா கையில இருந்தா கெத்தா இருக்கும்ணே.”

“இருக்கும் தம்பி. கையில இருந்தா.”

அடுத்து குவார்ட்ஸ் என்கிற சாதாரண பேட்டரி வாட்ச். ஐம்பது அறுபது வெள்ளிக்கே நல்ல கேசியோ முள் வாட்ச் கிடைக்கிறது. நம் ஊர் டைட்டனும் இந்த வகைதான். 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, ஓசூரில் தொழிற்சாலை. பேட்டரி வாட்ச் மாதத்துக்குப் பதினைந்து இருபது நொடிதான் முன்பின் போகும், தூக்கிப் போட்டாலும் ஓடும், கழற்றி வைத்தாலும் ஓடும். துல்லியத்தையும் விலையையும் மட்டும் பார்த்தால் இதோடு பேச்சை முடித்துவிடலாம்.

கடையில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த தொல்லை, இரண்டு மூன்று வருஷம் கழித்து பேட்டரி மாற்றுகிற அன்றைக்கு ஆரம்பிக்கிறது. ஆண்களின் முள் வாட்சுகளில் அதிகம் போடுகிற சில்வர் ஆக்சைடு பேட்டரியின் மேல் 377 என்றோ எஸ்ஆர் 626 என்றோ எழுதியிருக்கும். அதே அளவில் ஆல்கலைன் பேட்டரியும் வருகிறது, அதில் ஏஜி 4 என்றோ எல்ஆர் 626 என்றோ இருக்கும். விலை மிகக் குறைவு, கச்சிதமாக உட்காரும், ஓடவும் செய்யும். ஆனால் சில மாதத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்ததைக் கவனிக்காமல் பீரோவில் போட்டு வைத்தால் கசிந்து உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளை அரித்துவிடும். பேட்டரி போட்டு ஆறு மாதத்தில் நின்றது என்று வந்த வாட்சைத் திறந்தால் பெரும்பாலும் வெள்ளையாகப் பூத்திருக்கும்.

அதைவிட இவர் விஷயத்தில் முக்கியமானது பின்மூடி. மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்று இருக்கிறது. தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் வளையத்தைத் துடைத்து, லேசாக சிலிக்கான் கிரீஸ் தடவி, பள்ளத்தில் சரியாக உட்கார வைத்து மூட வேண்டும். சந்தை நாளில் ஐந்து பேர் நிற்கும்போது அவசரத்தில் அது நசுங்கும், முறுக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதல் தடவை தொட்டியில் குளித்த மறுநாள் கண்ணாடிக்குள் பனி படிந்த மாதிரி ஆவி தெரிந்தால் அதுதான் அடையாளம். அலுவலகம் போகிறவருக்கு இது ஒரு பிரச்சினையே இல்லை. தினமும் தண்ணீருக்குள் கை வைக்கிறவருக்கு, மூடியை அடிக்கடி திறக்க வேண்டிய வாட்ச் எதுவானாலும் ஆயுள் குறைவு.

இங்கே தண்ணீர் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் 30 மீட்டர், 3 பார் என்று எழுதியிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தம் இல்லை. மழைத் தூறல், முகம் கழுவும் தண்ணீர், அவ்வளவுதான். 5 பார் இருந்தால் சாதாரணமாகக் கை நனைக்கலாம். மோட்டார் குழாயிலிருந்து வேகமாக விழும் தண்ணீரில் நிற்க 10 பார் வேண்டும். அதே பின்பக்கத்தில் இன்னொன்றையும் படிக்க வேண்டும். வெறும் ‘ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று மட்டும் இருந்தால் பின்மூடி மட்டும்தான் எஃகு, சுற்றிலும் இருப்பது பித்தளையின் மேல் பூசிய பூச்சாக இருக்கலாம். தங்க நிற வாட்ச் பல அப்பாக்களுக்குப் பிடிக்கும், ஆனால் வியர்வை பட்டுப் பட்டு, கைப்பட்டை சேரும் இடத்தில் பூச்சு போய்ப் பச்சை பிடித்து வருவதும் அதுதான். தோட்ட வேலை செய்கிறவருக்கு முழு எஃகுக் கூடு போதும்.

கேசியோவின் கறுப்பு டிஜிட்டல் எஃப்-91டபிள்யூ பற்றி இரண்டு வார்த்தை. 1989-இல் வந்தது, இன்னும் வருகிறது. எடை 21 கிராம், பேட்டரி ஏழு வருஷம் வரும், விலை மிகவும் குறைவு. சொந்தமாக எனக்கு வாங்குவதானால் யோசிக்காமல் இதை வாங்குவேன். ஆனால் தம்பியின் அப்பா எண்ணைப் படித்து மணி பார்க்கிறவர் இல்லை, முள் நிற்கிற சாய்வைப் பார்த்தே மணி சொல்கிறவர். கண்ணாடி போடாமல், புரை உள்ள கண்ணோடு, சாம்பல் பின்னணியில் சாம்பல் எண்ணைப் படிக்கச் சொல்வது சரியல்ல.

கடைசியாகப் பார்த்தது சிட்டிசனின் எகோ டிரைவ். முள் வாட்ச்தான், உள்ளே குவார்ட்ஸ்தான், ஆனால் டயல் வழியாக உள்ளே போகும் வெளிச்சத்தில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். வழக்கமாகப் பேட்டரி மாற்ற வேண்டியதில்லை, அதனால் பின்மூடியைத் திறக்க வேண்டிய அவசியம் பல வருஷத்துக்கு வராது. இந்த ஒரு விஷயத்துக்காகவே இவருக்கு இது என்று எனக்குப் பட்டது. பகலெல்லாம் தோட்டத்தில் வெயிலில் நிற்கிற கைக்குச் சார்ஜ் பற்றிய கவலையே கிடையாது.

குறையையும் அவனிடம் சொன்னேன். நம் ஊர் அப்பாக்களுக்கு நல்ல பொருளைக் கட்டிக் கெடுக்க மனசு வராது. பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டி, கல்யாணம் காதுகுத்துக்கு மட்டும் எடுப்பார்கள். முழுச் சார்ஜில் இருட்டில் வைத்தால் இந்த வாட்ச் பல மாடல்களில் சுமார் ஆறு மாதம் தாங்கும். சார்ஜ் இறங்கும்போது நொடி முள் இரண்டு நொடிக்கு ஒருமுறை தாவித் தாவி நகரும். அதுதான் எச்சரிக்கை. உடனே வெளிச்சத்தில் வைத்தால் சரியாகிவிடும். இது தெரியாதவர் வாட்ச் கெட்டுப்போனது என்று கடைக்கு எடுத்துப் போவார், கடைக்காரரும் சாதாரண பேட்டரி என்று நினைத்துத் திறப்பார். சீக்கிரம் சார்ஜ் ஏறட்டும் என்று தகரக் கூரை மேலோ மோட்டார் மேலோ வைக்கவும் கூடாது, வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். பல வருஷம் கழித்து உள்ளே இருக்கும் சேமிப்பு செல் ஓய்ந்துவிட்டால் அதற்கான செல் அறந்தாங்கியில் கிடைக்காது, கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். பீரோவில் பூட்டுகிற அப்பாவாக இருந்தால் இதைவிட சாதாரண குவார்ட்ஸே மேல். அம்மா சொன்னதை வைத்துப் பார்த்தால் இவருக்குத் தினமும் மணி தேவைப்படுகிறது. கட்டுவார் என்று நம்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போனோம். கடையில் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு இருக்கும், அங்கே எல்லா வாட்சும் நன்றாகத்தான் தெரியும். எனக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்டது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வாட்சைக் கை நீட்டும் தூரத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வெள்ளி நிற முகத்தில் வெள்ளி நிற முள் உள்ளவை முதலில் போயின, முள் எங்கே என்றே தெரியவில்லை. எண் இல்லாமல் கோடு மட்டும் உள்ளவையும் போயின. மிஞ்சியவை இரண்டு. வெள்ளை முகத்தில் கறுப்பு எண் உள்ளது ஒன்று, கறுப்பு முகத்தில் பன்னிரண்டு எண்ணும் வெள்ளையில் உள்ளது இன்னொன்று. பகலில் எனக்கு வெள்ளை முகம்தான் கொஞ்சம் தெளிவாக இருந்தது. பிறகு இரண்டையும் விளக்குக்கு நேராகப் பிடித்துவிட்டு, சட்டைக்குள் கொண்டுபோய் மறைத்துப் பார்த்தோம். வெள்ளை முகத்தின் முள்ளில் ஒளிரும் பூச்சே இல்லை. கறுப்பு முகத்தின் முள் பச்சையாக எரிந்தது. விடியற்காலை மூன்று மணிக்குள் அந்த ஒளி நிறைய மங்கியிருக்கும், ஆனாலும் இருட்டுக்குப் பழகின கண்ணுக்கு முள்ளின் சாய்வு தெரியும். கறுப்பையே எடுத்தோம். அகலம் 37 மில்லிமீட்டர், அவருடைய ஜனதாவுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. 10 பார். விலை அவன் வைத்திருந்த தொகைக்குள் அடங்கியது.

அதில் வந்தது துணிப்பட்டை. பார்க்க நன்றாக இருந்தாலும் நனைந்தால் காய நேரமாகும், சேறு ஏறினால் நாறும். தோல் பட்டை வியர்வையில் ஒரு வருஷம் தாங்காது. அதே கடைத்தெருவில் 18 மில்லிமீட்டர் மென்மையான ரப்பர் பட்டை வாங்கி மாற்றினோம். கொக்கி பெரிதாக இருப்பதாகப் பார்த்து எடுத்தான், விரல் வலிக்கு அது உதவும். 16 சென்டிமீட்டருக்குக் கடைசிக்கு முந்தின ஓட்டை சரியாக வந்தது. பழைய பட்டையையும் பெட்டியில் போட்டுக்கொண்டான். கியாரண்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் போட்டு வாங்கினான், இந்தியாவில் அது செல்லுமா என்றும் கேட்டுக்கொண்டான். விமான நிலையத்தில் ஜிஎஸ்டி திரும்ப வாங்கலாமே என்று கடையில் பக்கத்தில் நின்ற ஒருவர் சொன்னார். அது சுற்றுலா வருகிறவர்களுக்கு, வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு நாள் ஜன்னலோரம் வைத்து முழுச் சார்ஜ் ஏற்றி, மணியை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ளி இந்திய நேரத்துக்கு வைத்தோம். வருஷத்தில் ஐந்து தடவை தேதியைத் திருத்த வேண்டும், மார்ச், மே, ஜூலை, அக்டோபர், டிசம்பர் முதல் தேதிகளில். அதைப் பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பையனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வா, காலையில் எட்டு மணிக்கு மேல்தான் திருப்ப வேண்டும் என்று சொல் என்றேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பீரோவில் வைக்காமல், ராத்திரி கழற்றினால் ஜன்னல் பக்கம் ஆணியில் மாட்டச் சொல்.

தம்பி திரும்பி வந்து பிப்ரவரி முடியப் போகிறது. அப்பா கட்டுகிறார். முதல் வாரம் புது வாட்சைச் சேற்றில் நனைக்கவா என்று கழற்றிக் கழற்றி வைத்தாராம். தொட்டியில் இவனே கட்டிக்கொண்டு முங்கிக் காட்டிய பிறகுதான் விட்டிருக்கிறார். ரெண்டு மணிக்கே போய் உட்காருவது நின்றுவிட்டது என்று அம்மா சொன்னார். தேதி எழுத்து மட்டும் சின்னதாக இருக்கிறது, அதை அவர் பார்ப்பதில்லை. முகூர்த்த நாள், அமாவாசையெல்லாம் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில்தான். ஜனதாவுக்குப் பேலன்ஸ் கிடைக்கிறதா என்று நான் வேலை பார்த்த கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். கிடைத்தால் அது விசேஷங்களுக்கு.

இப்போது அப்பாவைப் பார்த்துச் சித்தப்பாவும் அதே வாட்ச் கேட்கிறார். அவருக்கு ஆலங்குடியில் மளிகைக்கடை. காலை முதல் இரவு வரை குழல்விளக்கு வெளிச்சத்தில், முழுக்கைச் சட்டை போட்டுக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர், தண்ணீர் பக்கமே போவதில்லை. அவருக்கு இங்கிருந்து எதுவும் சுமந்து போக வேண்டாம், புதுக்கோட்டையிலேயே வெள்ளை முகத்தில் பெரிய எண் போட்ட டைட்டன் ஒன்று எடுத்துக் கொடுக்கச் சொல், பேட்டரி மாற்றும்போது 377 சில்வர் ஆக்சைடா என்று மட்டும் கேட்டு வாங்கச் சொல் என்று சொல்லியிருக்கிறேன்.